டேலி காட்டும் லாபமும் கல்லாவுக்கு வந்த பணமும்

மாதம் முடிந்து நாலைந்து நாளில் கடைக்காரரின் வாட்ஸாப்புக்கு அக்கவுண்டன்டிடமிருந்து ஒரு படம் வரும். டேலி திரையை அப்படியே பிடித்து அனுப்பியிருப்பார். இடப்பக்கம் சில வரிகள், வலப்பக்கம் சில வரிகள், கீழே Nett Profit என்று ஒரு தொகை. பெரும்பாலான கடைக்காரர்களின் கண் நேராக அந்தக் கடைசி வரிக்குத்தான் போகும். தொகை ஐம்பதாயிரம் என்றால் முதலில் ஒரு சந்தோஷம் வரும். பிறகு பேங்க் பேலன்ஸைத் திறந்து பார்த்தால் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கும். உடனே போன் பறக்கும்: "ஏம்ப்பா, அம்பதாயிரம் லாபம்னு போட்டிருக்கே, அந்தக் காசு எங்கப்பா?"

அக்கவுண்டன்ட் சொல்வதும் பொய் இல்லை, பேங்க் காட்டுவதும் பொய் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். அந்தப் படத்தில் இருப்பது இந்த மாதம் எவ்வளவுக்கு விற்றோம், அதில் எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கு. விற்றதற்குப் பணம் வந்ததா என்பதை அந்தப் படம் சொல்லாது, சொல்லும்படி அது அமைக்கப்படவும் இல்லை. கடனுக்குக் கொடுத்த பெயின்ட் டப்பாவும் காசு வாங்கிக் கொடுத்த பெயின்ட் டப்பாவும் அதில் ஒரே வரியில் ஒரே மாதிரிதான் நிற்கும்.

கணக்கு புரிவதற்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். தாலுகா ஊர் ஒன்றில் பெயின்ட், பிவிசி பைப், வயர், சுவிட்ச் விற்கும் ஹார்டுவேர் கடை. தெருவில் போகிறவர் பல்பு வாங்கினால் ஜிபே செய்துவிட்டுப் போவார். மேஸ்திரியும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சின்ன காண்ட்ராக்டரும் சாமானை எடுத்துக்கொண்டு போய், "அண்ணாச்சி, பில்லுல எழுதிக்கோங்க" என்பார்கள். அவர்களுக்கு வீட்டுக்காரர் பணம் கொடுத்தால்தான் கடைக்கு வரும். இங்கே வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட உதாரணத் தொகைகள். கூட்டல் கழித்தல் எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக வைக்கப்பட்டவை. மாதம் 2025 அக்டோபர். தீபாவளி அந்த மாதம் 20ஆம் தேதி வந்தது. வெள்ளையடிக்கிற சீசன் என்பதால் கடையில் நல்ல ஓட்டம்.

அக்கவுண்டன்ட் அனுப்பிய படம் இப்படி இருக்கிறது:

```
Profit & Loss A/c          1-Oct-25 to 31-Oct-25

Opening Stock      6,40,000 | Sales Accounts    5,00,000
Purchase Accounts  4,50,000 | Closing Stock     6,90,000
Direct Expenses      10,000 |
Gross Profit c/o     90,000 |
                  11,90,000 |                  11,90,000
Indirect Expenses    40,000 | Gross Profit b/f    90,000
Nett Profit          50,000 |
                     90,000 |                     90,000
```

முதலில் பார்க்க வேண்டியது கீழ் வரியை அல்ல, மேல் மூலையில் இருக்கும் தேதியை. ஏப்ரல் 1 முதல் இன்றைய தேதி வரைக்குமான கணக்கையே அக்கவுண்டன்ட் அனுப்பிவிடுவதும் உண்டு. ஏழு மாத லாபத்தை ஒரு மாத லாபம் என்று நினைத்துக்கொண்டால் அதற்குப் பிறகு செய்யும் எந்த ஒப்பீடும் சரிவராது. போனில் படத்தை வெட்டி அனுப்பும்போது தேதி இருக்கும் பகுதிதான் பெரும்பாலும் காணாமல் போகும். தேதி தெரியாத படத்தைத் திருப்பி அனுப்பி மறுபடி கேட்பதே நல்லது.

அடுத்து வரிகள். மாதத் தொடக்கத்தில் கடையில் இருந்த சரக்கு 6,40,000 ரூபாய். மாதத்தில் வாங்கியது 4,50,000. லாரி வாடகை, இறக்குகூலி 10,000. இந்த மூன்றையும் கூட்டி, மாதக் கடைசியில் மிச்சமிருந்த சரக்கான 6,90,000-ஐக் கழித்தால் 4,10,000 வரும். விற்றுப்போன சரக்கின் அடக்கம் அதுதான். 5,00,000-க்கு விற்றதில் அடக்கம் போக 90,000 மிச்சம், அதாவது நூறு ரூபாய் விற்பனைக்குப் பதினெட்டு ரூபாய். அதிலிருந்து கடை வாடகை, பையன் சம்பளம், கரண்ட் பில், கடன் வட்டி, சில்லறைச் செலவு எல்லாமாக 40,000 போனால் 50,000 நிற்கிறது.

இவ்வளவும் சரி. இனி Sales Accounts என்ற வரிக்கு வருவோம்.

டேலியில் F8 அழுத்தி விற்பனை பில் போட்டுச் சேமித்த நொடியிலேயே அந்தத் தொகை Sales Accounts-இல் ஏறிவிடும். பில்லில் Party A/c name என்ற இடத்தில் Cash என்று போட்டால் மறுபக்கம் ரொக்கக் கணக்கில் ஏறும். மேஸ்திரி பெயரைப் போட்டால் மறுபக்கம் அவர் பெயரில் பாக்கியாக ஏறும். இரண்டிலும் விற்பனை வரி ஒன்றுதான். மேஸ்திரி இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுக்கும்போது F6 அழுத்தி ரசீது போடுவார்கள். அப்போது ரொக்கம் கூடும், பாக்கி குறையும். லாபக் கணக்கு அசையவே அசையாது. அந்த விற்பனை இரண்டு மாதம் முன்னாலேயே எண்ணப்பட்டுவிட்டது.

ஆக, கடன் விற்பனை எவ்வளவு, வந்த பணம் எவ்வளவு என்று பிரிக்க இந்தப் படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. இன்னொரு படம் வேண்டும்.

அந்த இன்னொரு படத்தின் பெயர் Sundry Debtors. கடைக்குப் பணம் தர வேண்டியவர்கள் எல்லோரும் டேலியில் இந்தத் தலைப்பின் கீழ்தான் இருப்பார்கள். Balance Sheet-இல் Current Assets-க்குள் போனால் கிடைக்கும். வெறுமனே திறந்தால் மாதக் கடைசி பாக்கி மட்டும் தெரியும், அது போதாது. F12 அழுத்தி, ஆரம்ப பாக்கியையும் மாதத்தில் நடந்த பற்று வரவையும் காட்டும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். அக்கவுண்டன்டிடம் "Sundry Debtors-ஐ ஓப்பனிங் பேலன்ஸ், டெபிட், கிரெடிட், க்ளோஸிங்கோட எடுத்து அனுப்புப்பா" என்று சொன்னால் அவருக்குப் புரியும். இரண்டு நிமிட வேலை. நம் கடைக்கு அதன் கடைசி வரித் தொகைகள் இவை:

```
Sundry Debtors             1-Oct-25 to 31-Oct-25

Opening Balance    4,20,000 Dr
Debit              3,54,000
Credit             2,10,000
Closing Balance    5,64,000 Dr
```

மாதம் தொடங்கும்போது வெளியில் நின்ற பாக்கி 4,20,000. மாதத்தில் புதிதாகக் கடனுக்குப் போட்ட பில்கள் 3,54,000. பாக்கிக்காரர்கள் கொடுத்தது 2,10,000. மிச்சம் 5,64,000. கடனும் காசும் பிரியும் இடம் இந்த நாலு வரிதான்.

இங்கே ஒரு சின்னக் குழப்பம் காத்திருக்கிறது. கடைக்காரர் லாபப் படத்தில் இருக்கும் 5,00,000-லிருந்து 3,54,000-ஐக் கழித்து, ரொக்க விற்பனை 1,46,000 என்று சொல்லிவிடுவார். அது தப்பு. Sales Accounts-இல் இருப்பது ஜிஎஸ்டி இல்லாத தொகை. வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியில் ஜிஎஸ்டியும் அடக்கம். பெயின்ட், பைப், வயர் எல்லாவற்றுக்கும் வரி 18 சதவீதம். எனவே விற்பனைத் தொகையோடு வரியையும் சேர்த்துப் பில் தொகையாக்கிய பிறகுதான் கழிக்க வேண்டும். 5,00,000-க்கு வரி 90,000, பில்களின் மொத்தம் 5,90,000. அதில் கடன் பில்கள் 3,54,000. மிச்சம் 2,36,000-தான் கல்லாவிலும் ஜிபேயிலும் கையோடு வாங்கியது. பல வரி விகிதங்களில் சரக்கு விற்கும் கடை என்றால் இந்தப் பெருக்கல் ஒத்துவராது. பில்களின் மொத்தத்தை வரியோடு சேர்த்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

க்ளோஸிங் பாக்கியான 5,64,000-ஐ விற்பனையிலிருந்து கழித்துப் பார்ப்பவர்களும் உண்டு. விற்றதே ஐந்து லட்சம், பாக்கி ஐந்தரை லட்சத்துக்கு மேல், அப்படியானால் ஒரு பைசா வரவில்லையா என்று பதறுவார்கள். பாக்கித் தொகையில் பழைய மாதங்களின் கடனும் கலந்திருக்கிறது என்பதை மறந்ததால் வரும் பதற்றம் அது.

இப்போது மாதத்தில் வந்த பணத்தைக் கூட்டலாம். கையோடு வாங்கியது 2,36,000, பாக்கிக்காரர்கள் கொடுத்தது 2,10,000, ஆக 4,46,000. பில் போட்டது 5,90,000. வித்தியாசம் 1,44,000. பாக்கி 4,20,000-லிருந்து 5,64,000 ஆக ஏறியிருப்பதும் அதே 1,44,000-தான். இந்த இரண்டும் ஒத்துப்போனால் பிரித்தது சரி என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் விஷயம் வேறு மாதிரி தெரியும். வந்த 2,10,000-இல் இந்த மாதத்துப் பில்லுக்கு வந்தது எவ்வளவு, பழைய பாக்கிக்கு வந்தது எவ்வளவு? வாடிக்கையாளரின் லெட்ஜரில் Maintain balances bill-by-bill என்பதை Yes என்று வைத்து, ரசீது போடும்போது எந்தப் பில்லுக்கு என்று Agst Ref கொடுத்திருந்தால் டேலியே இதைச் சொல்லும். நம் கடையில் 1,50,000 பழைய பில்களுக்கு, 60,000 மட்டும் அக்டோபர் பில்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அக்டோபரில் போட்ட 5,90,000 ரூபாய் பில்லில் அந்த மாதமே வந்து சேர்ந்தது 2,96,000. ஏறக்குறைய பாதி. படத்தில் இருக்கும் ஐம்பதாயிரம் லாபம், விற்றதில் பாதிப் பணம் கைக்கு வராத நிலையில் எழுதப்பட்ட லாபம்.

பல கடைகளில் இந்த விவரம் கிடைக்காமல் போவதற்குக் காரணம் மென்பொருள் அல்ல, ரசீது போடும் விதம். மேஸ்திரி இருபதாயிரம் கொடுத்தால் அது எந்தப் பில்லுக்கு என்று கேட்காமல் On Account என்று போட்டுவிடுவார்கள். மொத்த பாக்கி சரியாகவே இருக்கும். ஆனால் Outstandings-க்குள் Receivables-ஐத் திறந்தால் எட்டு மாதத்துக்கு முந்தைய பில்லும் கட்டப்படாததாகவே நிற்கும். யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று கடைக்காரருக்குத் தெரியாது. தெரியாத்தனமாகக் கேட்டால், "அதெல்லாம் போன மாசமே குடுத்துட்டேனே அண்ணாச்சி" என்று சண்டை வரும்.

Sundry Debtors படத்தில் Credit என்ற பத்தியில் இருப்பது எல்லாமே பணம் என்று நினைத்துவிடவும் கூடாது. திருப்பிக் கொண்டுவந்த பைப்புக்குப் போட்ட கிரெடிட் நோட், கடைசியில் தள்ளிக் கொடுத்த தள்ளுபடி, வராது என்று தள்ளி எழுதிய பாக்கி எல்லாம் அதே பத்தியில்தான் விழும். பத்தியின் மேல் என்டர் தட்டி வாடிக்கையாளரின் லெட்ஜருக்குள் போனால் Vch Type என்று ஒரு பத்தி இருக்கும். அதில் Receipt என்று இருப்பதுதான் வரவு. Credit Note, Journal என்று இருப்பவை பாக்கியைக் குறைத்தன, கல்லாவை நிரப்பவில்லை. நம் கடையில் 2,10,000-உம் Receipt என்று வைத்துக்கொண்டதால் கணக்கு நேராகப் போகிறது.

Receipt என்று இருந்தாலும் செக் என்றால் இன்னொரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. செக்கை வாங்கிய அன்றே அக்கவுண்டன்ட் ரசீது போட்டுவிடுவார். டேலியில் பேங்க் பேலன்ஸ் கூடிவிடும். செக் நாலு நாள் கழித்துப் பாஸாகலாம், அல்லது திரும்பியும் வரலாம். முன்தேதியிட்ட செக் என்றால் கேட்கவே வேண்டாம். டேலி காட்டும் பேங்க் பேலன்ஸையும் பேங்க் ஆப் காட்டும் பேலன்ஸையும் மாதக் கடைசியில் ஒத்துப் பார்க்காத கடையில், வந்த பணம் என்ற வரியும் நம்பக்கூடியது அல்ல.

இதைவிட மோசமான தப்பு ஒன்று உண்டு. சின்னக் கடைகளில் அடிக்கடி நடப்பது. எலக்ட்ரீஷியன் பழைய பாக்கிக்காக 15,000 ரூபாயை ஜிபேயில் போடுகிறார். பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்து என்ட்ரி போடும் பையனுக்கு அது யார் என்று தெரியவில்லை. ஏதோ விற்பனைப் பணம் என்று நினைத்து Sales கணக்கிலேயே வரவு வைத்துவிடுகிறான். விளைவு இரண்டு. ஏற்கெனவே பில் போட்டபோது எண்ணிய விற்பனை இன்னொரு முறை எண்ணப்படுகிறது, லாபம் 15,000 வீங்குகிறது. எலக்ட்ரீஷியன் பெயரில் பாக்கியும் அப்படியே நிற்கிறது. கண்டுபிடிக்க வழி எளிது. லாபப் படத்தில் Sales Accounts மேல் என்டர் தட்டி லெட்ஜர் வரை போக வேண்டும். அங்கே Vch Type பத்தி முழுக்க Sales என்று இருக்க வேண்டும். நடுவில் Receipt என்று ஒரு வரி தலைகாட்டினால் அந்த வரியை நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

ஜிபே வரவுக்கென்று தனி லெட்ஜர் திறக்கும் கடைகளில் வேறு சிக்கல். அந்த லெட்ஜரை Sundry Debtors-க்குக் கீழே வைத்துவிட்டால், கையோடு ஜிபே செய்த ஒவ்வொரு பில்லும் கடன் பில் மாதிரி டெபிட்டில் ஏறி, சாயங்காலம் கிரெடிட்டில் இறங்கும். கடன் விற்பனையும் வசூலும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பட்டியலில் மனிதர் பெயர் அல்லாத எதுவும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

சரி, கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். ஐம்பதாயிரம் எங்கே? மாதத்தில் வந்தது 4,46,000 என்று பார்த்தோம். போனது எவ்வளவு? சரக்கு கொடுத்த ஏஜென்சிகளுக்குக் கொடுத்தது 3,80,000. வாடகை, சம்பளம், லாரி, வட்டி என்று லாபப் படத்தில் வந்த செலவுகள் 50,000. செப்டம்பர் மாத ஜிஎஸ்டி 8,000. கடன் தவணையில் அசல் 12,000. வீட்டுச் செலவுக்கு எடுத்தது 25,000. மொத்தம் 4,75,000. வந்ததைவிடப் போனது 29,000 அதிகம். லாபம் ஐம்பதாயிரம் காட்டிய மாதத்தில் கல்லாவும் பேங்கும் சேர்ந்து இருபத்தொன்பதாயிரம் இளைத்திருக்கின்றன.

இந்தப் பட்டியலில் கடைசி இரண்டையும் லாபப் படத்தில் தேடினால் கிடைக்காது. தவணையில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் என்பது வாங்கிய கடனைத் திருப்பித் தருவது. வீட்டுக்கு எடுத்தது Drawings, அது முதலாளி தன் முதலிலிருந்து எடுத்துக்கொண்டதாகவே கணக்கு. ஆனால் இரண்டும் சேர்ந்து விழுங்கியது 37,000. பெரிய தொகை பாக்கி ஏறியதில் போன 1,44,000. அதற்கு அடுத்தது அலமாரியில் நிற்கிறது: சரக்கு 6,40,000-லிருந்து 6,90,000 ஆகியிருப்பது, அதாவது 50,000 ரூபாய் பெயின்டாகவும் வயராகவும் இருக்கிறது.

இவ்வளவு பணம் வெளியில் போய்விட்டால் கடை 29,000-உடன் தப்பித்தது எப்படி? கடைக்காரரும் கடன்காரராகிவிட்டதால்தான். வரியோடு சேர்த்து 5,31,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி 3,80,000-தான் கொடுத்திருக்கிறார். Sundry Creditors என்ற தலைப்பில் ஏஜென்சிகளுக்குத் தர வேண்டியது 3,00,000-லிருந்து 4,51,000 ஆகியிருக்கிறது. அதாவது மேஸ்திரிகளுக்குக் கொடுத்த கடனைப் பெயின்ட் ஏஜென்சி சுமக்கிறது. ஏஜென்சிக்காரர் அடுத்த மாதம் "பழசை முடிச்சிட்டு லோடு இறக்கிக்கலாம் அண்ணாச்சி" என்று சொல்லும் வரைக்கும்தான் இந்த ஏற்பாடு. லாபப் படத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இந்த நெருக்கடி தெரியவே தெரியாது.

ஏஜென்சிக்குத் தாமதமாகக் கொடுப்பதில் வரிச் சிக்கலும் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்கு கொடுத்தவருக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கையில் காசில்லாத நேரத்தில்தான் அந்தச் சுமை வந்து விழும்.

ஜிஎஸ்டி என்று வந்த பிறகு கடன் விற்பனையின் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடலாம். சரக்கு விற்பனைக்கு வரிப் பொறுப்பு பில் போட்டவுடன் வந்துவிடுகிறது, பணம் வரும்வரை காத்திருப்பதில்லை. மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் கடை, அக்டோபர் வரியை நவம்பர் 20-க்குள் கட்ட வேண்டும். நம் கடையின் விற்பனை வரி 90,000, வாங்கிய சரக்கில் கொடுத்த வரி 81,000, கட்ட வேண்டியது 9,000. மேஸ்திரி தரவில்லை என்பதற்காக அரசு பொறுக்காது. அவர் கடைசிவரை தராமலே போனாலும் அந்த வரியைத் திரும்பக் கேட்க வழியில்லை. கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைத்துக்கொள்வது சரக்கு திரும்பி வந்தாலோ பில்லில் தவறு இருந்தாலோதான், வராக் கடனுக்கு அல்ல.

11,800 ரூபாய் பில் ஒன்று வராமல் போனால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கலாம். அதில் வரி 1,800, சரக்கு விலை 10,000, அந்தச் சரக்கின் அடக்கம் நம் கடைக் கணக்குப்படி 8,200. அடக்கமும் வரியுமாகக் கடைக்காரர் கையிலிருந்து போனது 10,000 ரூபாய். நூறுக்குப் பதினெட்டு வீதம் அந்தப் பத்தாயிரத்தை மீட்க ஏறக்குறைய 55,500 ரூபாய்க்குப் புதிதாக விற்க வேண்டும், அதுவும் காசுக்கு. லாபப் படமோ, அந்தப் பாக்கியைத் தள்ளி எழுதும் நாள்வரை, அந்த பில்லில் 1,800 ரூபாய் லாபம் கிடைத்ததாகவே சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பாக்கியின் மொத்தத்தைவிட அதன் வயது முக்கியம். Receivables திரையில் வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. முப்பது நாளுக்குள், அறுபது, தொண்ணூறு, அதற்கு மேல் என்று கடைக்காரரே பிரித்துக்கொள்ளலாம். 5,64,000-இல் 2,94,000 அக்டோபர் பில்கள், அவை புதியவை. மீதி 2,70,000 அதற்கு முந்தையது. அதில் எத்தனை ரூபாய் தொண்ணூறு நாளைத் தாண்டியிருக்கிறது என்பதைத்தான் கடைக்காரர் கேட்க வேண்டும். வீட்டு வேலை முடிந்து மேஸ்திரி வேறு ஊருக்குப் போய்விட்ட பாக்கிகள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். அந்தத் தொகை லாபத்தின் அளவை நெருங்கினால், அந்த மாத லாபத்தை நம்பி எந்தச் செலவுக்கும் வாக்குக் கொடுப்பது ஆபத்து.

எதிர்த் திசையில் ஏமாற்றும் பணமும் உண்டு. வீடு கட்டுகிற ஒருவர் பைப் மொத்தமாக வேண்டும் என்று 40,000 முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். பேங்கில் ஏறிவிட்டது, ஆனால் சரக்கு போகவில்லை, பில் போடவில்லை, விற்பனையும் இல்லை. அவருடைய கணக்கு Sundry Debtors-இலேயே Cr என்று எதிர்ப்பக்கம் நிற்கும். மற்றவர்களின் பாக்கி மொத்தத்தையும் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். 5,64,000 பாக்கி இருக்கும் கடையில் 5,24,000 என்று தெரியும். வசூல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். பட்டியலில் Cr என்று முடியும் பெயர்களைத் தனியாகக் கூட்டி வைத்துக்கொண்டால் இந்த மயக்கம் தீரும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: Closing Stock உண்மையாக இருக்க வேண்டும். சரக்கு கணக்கை டேலியில் வைக்காத கடைகளில் அந்தத் தொகையைக் கையால்தான் போடுவார்கள். ஓப்பனிங்கும் க்ளோஸிங்கும் ஒரே தொகையாக இருந்தால், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நம் கடையில் அப்படி 6,40,000-ஐயே இரண்டு பக்கமும் போட்டிருந்தால் லாபம் ஐம்பதாயிரம் குறைந்து பூஜ்யம் என்று வந்திருக்கும். பாக்கியும் வசூலும் மட்டும் அதே தொகையில்தான் இருந்திருக்கும். வந்த பணத்தின் கணக்குக்குச் சரக்கை எண்ண வேண்டியதில்லை என்பது அதிலுள்ள ஒரு வசதி.

டேலியிலேயே Display More Reports-க்குள் Cash Flow என்று ஒரு திரை இருக்கிறது. மாதவாரியாக உள்ளே வந்தது, வெளியே போனது, மிச்சம் மூன்றையும் காட்டும். நம் கடையின் அக்டோபருக்கு அதில் 29,000 குறைவு என்று வரும். லாபப் படம், Sundry Debtors, Cash Flow மூன்றையும் ஒரே தேதிக்கு எடுத்து அனுப்பச் சொல்வது அக்கவுண்டன்டுக்குப் பெரிய வேலை அல்ல. ஒரே தேதி என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நவம்பரில் இதே கடையைப் பார்ப்போம். மழை பிடித்துக்கொண்டது, கட்டட வேலைகள் நின்றன, விற்பனை 3,00,000-தான். அதே பதினெட்டு வீதம் 54,000 வந்து, 40,000 செலவு போக, லாபப் படத்தில் 14,000 நிற்கிறது. கடைக்காரர் முகம் சுருங்கும். ஆனால் மழையில் வேலையில்லாத மேஸ்திரிகள் வீட்டுக்காரர்களிடம் கணக்கு முடித்து வாங்கிய பணத்தைக் கொண்டுவந்து கொடுத்ததில், பாக்கி வசூல் 3,40,000. கையோடு விற்றது வரியோடு 1,65,200. மொத்த வரவு 5,05,200, தீபாவளி மாதத்தைவிட ஏறக்குறைய அறுபதாயிரம் அதிகம். கடனுக்குப் போட்டது 1,88,800 மட்டும் என்பதால் வெளியில் நிற்கும் பாக்கி 4,12,800 ஆக இறங்கியிருக்கிறது. பெயின்ட் ஏஜென்சிக்குத் தர வேண்டிய 4,51,000-இல் பழைய பில்களை அடைக்க இந்த மாதம்தான் தோது. லாபத் தொகையைப் பார்த்துப் பயந்து செக்கைத் தள்ளிப் போட்டால் 180 நாள் கெடு நெருங்கும் பில்களும் அதோடு சேர்ந்து தள்ளிப் போகும்.